நிலவு மறுபக்கம் போன பிறகும் கடல் ஏன் ஏறுகிறது?

நிலவு இழுப்பதால் கடல் ஏறுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒரு சிக்கல் வரும். நிலவு நம் தலைக்கு மேல் வருவது நாளுக்கு ஒரு தடவைதான். கடலோ சென்னையிலும் தூத்துக்குடியிலும் மும்பையிலும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றுகிறது. அந்த இரண்டாவது ஏற்றம் எங்கிருந்து வந்தது?

கலீலியோவே இதில் வழுக்கியவர்தான். பூமி சுழலும் வேகத்தில் கடல் அலம்புவதே ஓதம் என்று 1632-இல் வெளியான நூலில் எழுதினார். நிலவைக் காரணம் காட்டிய கெப்ளரைக் கடிந்துகொண்டார். ஆனால் அவர் கணக்குப்படி நாளுக்கு ஒரு ஏற்றம்தான் வரும். இரண்டு வருவதற்குக் கடலின் நீளத்தையும் ஆழத்தையும் காரணமாகச் சொல்லிப் பார்த்தார்.

சரியான விடை 1687-இல் நியூட்டனிடமிருந்து வந்தது. நிலவு கடலை மட்டும் இழுப்பதில்லை, பூமி முழுவதையும் இழுக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் இழுத்தால் தரையும் தண்ணீரும் சேர்ந்தே நகரும், ஓதமே இருக்காது. ஆனால் தூரம் கூடக் கூட இழுப்பு குறையும். பூமியின் நடுப்புள்ளியில் இருக்கும் இழுப்பை 100 என்று வைத்துக்கொண்டால், நிலவைப் பார்த்திருக்கும் பக்கத்தில் அது 103-க்குச் சற்று மேலே, எதிர்ப்பக்கத்தில் 97-க்குச் சற்றுக் குறைவு. முன்பக்கத்துத் தண்ணீர் பூமியைவிட அதிகமாக இழுபடுகிறது. பின்பக்கத்தில் பூமிதான் தண்ணீரைவிட அதிகமாக இழுபடுகிறது, தண்ணீர் பின்தங்கிவிடுகிறது. நடுப்புள்ளியிலிருந்து வித்தியாசம் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். அதனால் கடல் இரண்டு பக்கமும் புடைக்கிறது. பூமி அந்த இரண்டு புடைப்புகளுக்கும் அடியில் சுழல்வதால், ஒரே கரைக்கு இரண்டு ஏற்றம்.

சூரியன் நம்மை நிலவைவிட நூறு மடங்குக்கும் மேல் பலமாக இழுத்தும் ஓதத்தில் அதன் பங்கு நிலவின் பங்கில் பாதிகூட இல்லை. காரணம் இதே வித்தியாசக் கணக்குதான். அது வெகு தூரத்தில் இருப்பதால் பூமியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இழுப்பில் வேறுபாடு மிகக் குறைவு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நிற்பதால் ஏற்றம் கூடுகிறது.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு: நிலவு தண்ணீரை மேலே தூக்குகிறது என்பது. அந்தத் தூக்கும் விசை பூமியின் ஈர்ப்பில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுதான், அதனால் எதுவும் எழும்பாது. வேலை செய்வது பக்கவாட்டில் இழுக்கும் பகுதி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் தண்ணீர் சிறுகச் சிறுக நகர்ந்து ஓரிடத்தில் சேர்கிறது. ஊர்க்குளத்தில் ஓதம் தெரியாததற்குக் காரணம் இதுதான்: அங்கே சேர்வதற்கு வேறு தண்ணீர் இல்லை.

பூமி சுழலும்போது நிலவும் தன் பாதையில் நகர்ந்துவிடுவதால், அதே இடம் மறுபடி நிலவுக்கு நேரே வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால் மறு ஏற்றம் மாலை 6.25 வாக்கில், அடுத்தது மறுநாள் காலை 6.50 வாக்கில். ஆனால் நிலவு உச்சிக்கு வந்த நேரமே ஏற்ற நேரம் என்று எண்ணிக் கடற்கரைக்குப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நிலநடுக்கோட்டில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. நாலு கிலோமீட்டர் ஆழமான கடலில் ஓத அலை 700 கிலோமீட்டர் வேகம்தான் போகும். புடைப்பு நிலவின் அடியில் நிற்கவே முடியாது. கண்டங்களும் குறுக்கே நிற்கின்றன. உண்மையில் ஒவ்வொரு கடலும் தன் வடிவத்துக்கேற்ற தாளத்தில் ஆடுகிறது, நிலவு அதற்கு ஊஞ்சலைத் தள்ளுவதுபோலத் தள்ளுகொடுக்கிறது. தாளம் ஒத்துப்போன இடத்தில் ஏற்றம் பிரமாண்டமாகும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை தண்ணீர் ஏறி இறங்குவதற்கு இதுதான் காரணம். சென்னையில் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

அதனால்தான் “பல கரைகளில்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது, எல்லாக் கரைகளிலும் அல்ல. நிலவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ இருக்கும்போது புடைப்புகள் சாய்ந்துவிடும், அன்றைய இரண்டு ஏற்றங்களும் சமமாக இராது. அந்த ஏற்றத்தாழ்வுக்குள் நாளுக்கு ஒருமுறை வரும் தாளம் ஒளிந்திருக்கிறது. வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடா அந்தத் தாளத்துக்குத்தான் இசைந்து ஆடுகிறது. அங்கே நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம். நிலவு நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாட்களை ஒட்டி, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தண்ணீர் அநேகமாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர் ஒருவர் அனுப்பிய குறிப்புகளை ஹாலி 1684-இல் வெளியிட்டார். மூன்று ஆண்டு கழித்து நியூட்டன் அதற்கு விளக்கம் சொன்னார்: இரண்டு கடல்வழிகளில் ஆறு மணி நேர இடைவெளியில் வந்துசேரும் ஓதங்கள் ஒன்றையொன்று அழித்துவிட, மிச்சமிருப்பது சமமின்மை மட்டுமே, நிலவு நிலநடுக்கோட்டில் இருக்கும்போது அந்தச் சமமின்மையும் இல்லாமல் போகிறது என்று.