‘குடும்பச் சூழ்நிலை’ என்ற பதிலுக்குப் பின்னால்

பழனிசெட்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் பன்னிரண்டு பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். விலகல் படிவத்தில் பதினொருவர் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றே எழுதுகிறார்கள். அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே நேரத்தில் சூழ்நிலை வந்துவிடாது. கேட்ட விதத்தில்தான் கோளாறு.

முதல் கோளாறு, கேட்கும் நேரம். சம்பள பாக்கியும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வராதபோது யார் உண்மை பேசுவார்? ராஜினாமா செய்தவருக்கும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. முதலில் கணக்கை முடித்து, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனிலும் ஒருமுறை கேட்கலாம். கேட்பவர் அவருடைய சூப்பர்வைசராகவோ, சூப்பர்வைசருக்கு வேண்டியவராகவோ இருக்கக் கூடாது. சின்ன ஊரில் இருவரும் நாளைக்கு ஒரே டீக்கடையில் நிற்க வேண்டியவர்கள்.

அடுத்தது கேள்வியின் அமைப்பு. “சூப்பர்வைசர் எப்படி?” என்றால் “நல்லவர்” என்றுதான் வரும். மனிதரை எடைபோடச் சொல்லாமல் நடந்ததைக் கேளுங்கள்: “கடைசியாக எப்போது லீவு கேட்டீர்கள்? என்ன நடந்தது?” இப்படிப் பதில் வரலாம்: “தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு நாள் கேட்டேன். ஒரு நாள்தான் கொடுத்தார். மீதி ரெண்டு நாளுக்குச் சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க.” சூப்பர்வைசரைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் ஒரே பதிலில் தெரிந்துவிட்டது.

“சம்பளம் போதுமா?” என்பதும் வீண் கேள்வி. போகிற இடத்தில் கைக்கு எவ்வளவு வருகிறது, இங்கே ஓவர்டைம் கணக்கு என்றைக்காவது தவறியதா என்று கேட்டால் ஒப்பிடக்கூடிய பதில் கிடைக்கும். வேலைச் சூழலுக்கு ஒரே கேள்வி போதும்: “உங்கள் சொந்தக்காரப் பையன் இங்கே சேர வந்தால், எந்த ஷிப்டைத் தவிர்க்கச் சொல்வீர்கள்? ஏன்?” மொத்தம் ஏழெட்டுக் கேள்விகளைத் தாண்ட வேண்டாம்.

பதில்களைத் தனித்தனியாக மேலதிகாரியிடம் காட்டக் கூடாது. ஒரு பிரிவில் இரண்டே பேர் விலகியிருந்தால், பெயரை மறைத்தாலும் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். ஐந்து பேர் பதிலாவது சேர்ந்தபின் தொகுத்துக் கொடுங்கள். ஒரே ஷிப்டில் மூவர் லீவு மறுப்பைச் சொன்னால், விடுப்புப் பதிவேட்டை எடுத்துச் சரிபாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை பற்றி யாராவது சொன்னால், அதைப் படிவத்தோடு மூடி வைக்க முடியாது. பத்துப் பேருக்குக் குறையாத இடங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அங்கே எழுத்தில் புகார் கொடுக்கும் வழியை அவருக்கு அப்போதே சொல்லுங்கள். இதைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால், எதைச் சொன்னால் எங்கே போகும் என்பது தெரிந்தே அவர் பேசுவார்.