ஏழு ஒன்றே பகா எண்ணாகும் இடம்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்: 1 + 1/2 + 1/3 + 1/4 + 1/5 + 1/6. பகுதிகளை 60 ஆக்கினால் மேலே 147 வரும். சுருக்கினால் 49/20. கூட்டிய பின்னங்கள் எதிலும் ஏழு இல்லை. ஆனாலும் விடையின் தொகுதியில் ஏழு ஒரு முறையல்ல, இரண்டு முறை வந்து உட்கார்ந்திருக்கிறது. 49 என்பது 7 × 7.

தற்செயல் என்று விட்டுவிட முடியாது. 1/10 வரை கூட்டினால் 7381/2520 வரும். 7381 என்பது 121 × 61, அதாவது பதினொன்று இரண்டு முறை. 5 முதல் எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதற்கு முந்தைய எண் வரை இப்படிக் கூட்டினால், விடையின் தொகுதி அந்தப் பகா எண்ணின் வர்க்கத்தால் வகுபடும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் வோல்ஸ்டன்ஹோம் 1862இல் நிறுவிய தேற்றம் இது.

ஏன் இப்படி நடக்கிறது என்று பார்க்க, ஏழை மட்டும் கவனித்து மற்ற எண்களைக் கண்டுகொள்ளாத ஓர் இடம் வேண்டும். முழு எண்களின் உலகம் அதற்குப் போதாது. அங்கே 1/2 கூடக் கிடையாது. எல்லாப் பின்னங்களையும் அனுமதித்தாலோ 7ஆலும் வகுத்துவிடலாம். அப்போது ‘7ஆல் வகுபடும்’ என்ற பேச்சுக்கே பொருள் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்போம். சுருக்கிய பிறகு பகுதி 7ஆல் வகுபடாத பின்னங்களை மட்டும் உள்ளே விடுவோம். 3/4 வரலாம், 14/5 வரலாம், முழு எண்கள் எல்லாமே வரலாம். 1/7, 5/21 இரண்டுக்கும் இடமில்லை. இந்தத் தொகுப்பை Z₍₇₎ என்று எழுதுகிறார்கள்.

உள்ளே இருக்கும் இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை வெளியே போகாது என்பதுதான் முதல் தேவை. இங்கே அது நடக்கிறது, ஏனென்றால் 7ஆல் வகுபடாத இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதும் 7ஆல் வகுபடாது. ஏழு பகா எண் என்பதால் கிடைத்த வசதி இது. ஏழுக்குப் பதில் ஆறை வைத்துப் பாருங்கள். 1/2, 1/3 இரண்டின் பகுதிகளும் 6ஆல் வகுபடாதவை. பெருக்கினால் 1/6 வந்து கதவை உடைத்துவிடும்.

இனி, இந்த இடத்தில் எவற்றுக்குத் தலைகீழ் உண்டு? 3/4ஐக் கவிழ்த்தால் 4/3. அதுவும் உள்ளேதான் இருக்கிறது. 14/5ஐக் கவிழ்த்தால் 5/14. அதன் பகுதியில் ஏழு இருப்பதால் வெளியே போய்விட்டது. ஆக, தொகுதியில் ஏழு இருப்பவற்றுக்கு மட்டும் தலைகீழ் இல்லை. அப்படிப்பட்ட இரண்டைக் கூட்டினால் மறுபடியும் ஏழின் மடங்குதான் வரும். உள்ளே உள்ள எதனால் பெருக்கினாலும் அப்படியே. இந்த இரண்டு குணங்களும் கொண்ட உட்கூட்டத்தை ஐடியல் என்பார்கள். முழு எண்களில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே 2க்கும் 3க்கும் தலைகீழ் இல்லை, ஆனால் இரண்டின் வித்தியாசம் 1. அதற்குத் தலைகீழ் உண்டு. தலைகீழ் இல்லாதவை அங்கே ஒரே கூட்டமாகச் சேர்ந்து நிற்பதில்லை. இரட்டை எண்கள் ஒரு பக்கம், மூன்றின் மடங்குகள் இன்னொரு பக்கம் என்று பகா எண்ணுக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கின்றன.

Z₍₇₎இல் ஏழின் மடங்குகளைவிடப் பெரிய ஐடியல் எழ வழியில்லை. ஏழின் மடங்கல்லாத ஒன்று உள்ளே நுழைந்தால், அதைத் தன் தலைகீழால் பெருக்கி 1 கிடைத்துவிடும். 1 இருந்தால் எல்லாமே வந்துவிடும். மீப்பெரு ஐடியல் ஒன்றே ஒன்றுதான் என்பதற்கு இதுவே நிரூபணம். இப்படிப்பட்ட வளையத்துக்கு லோக்கல் ரிங் என்று பெயர். ஜெர்மானியக் கணிதவியலாளர் வோல்ஃப்காங் க்ருல் 1938இல் இதை ‘ஷ்டெல்லன்ரிங்’ என்று அழைத்தார். ‘ஷ்டெல்ல’ என்றால் இடம். ‘ஏழில்’ என்று சொல்வதால் 7ஆல் வகுக்கலாம் போலும் என்று முதலில் தோன்றும். விஷயம் நேர் எதிர்: ஏழைத் தவிர மற்ற எல்லாப் பகா எண்களாலும் வகுக்கலாம்.

இப்போது நம் கூட்டலுக்கு வருவோம். அதில் உள்ள ஆறு எண்களுமே Z₍₇₎இல் இருக்கின்றன. முதலையும் கடைசியையும் ஜோடி சேர்த்தால் 1 + 1/6 = 7/6. அடுத்து 1/2 + 1/5 = 7/10. நடுவில் 1/3 + 1/4 = 7/12. மூன்றிலும் ஒரு ஏழு வெளிப்பட்டுவிட்டது. அதை வெளியே எடுத்தால் மிஞ்சுவது 1/6 + 1/10 + 1/12. இதுவும் Z₍₇₎இன் உறுப்பினர்தான். இதனுள் இன்னொரு ஏழு இருக்கிறதா என்பதே மீதிக் கேள்வி.

அதை அறிய 7ஆல் வகுத்த மீதியைப் பார்த்தால் போதும். பின்னத்துக்கு ஏது மீதி என்று கேட்கலாம். Z₍₇₎இல் உண்டு. 4 × 2 = 8, மீதி 1; ஆகவே ஏழின் கண்ணுக்கு 1/4 என்பது 2தான். பகுதியில் ஏழு வராது என்ற விதி இருப்பதால் ஒவ்வொரு பின்னத்துக்கும் இப்படி ஒரு மதிப்பு கிடைக்கும். 6 என்பது ஏழுக்கு −1. 10 என்பது 2 × 5. 5 ஏழுக்கு −2 என்பதால் அது −4. அதேபோல் 12 என்பது 3 × 4, அதாவது −9. எனவே நாம் பார்ப்பது −(1 + 1/4 + 1/9). இதில் 1/4இன் மதிப்பு 2. 9க்கு மீதி 2, 2 × 4 = 8; ஆக 1/9இன் மதிப்பு 4. கூட்டினால் 1 + 2 + 4 = 7. மீதி பூஜ்யம்! இரண்டாவது ஏழு அங்கேதான் ஒளிந்திருந்தது.

வந்த மதிப்புகளைக் கவனியுங்கள். 1, 4, 9 ஆகிய வர்க்கங்கள் ஏழுக்கு 1, 4, 2 எனத் தெரியும். தலைகீழாக்கினால் 1, 2, 4. அதே மூன்று எண்கள், வரிசைதான் மாறியிருக்கிறது. 2ஐ விடப் பெரிய எந்தப் பகா எண் p-க்கும் இதுவே நடக்கும் என்பதால், 1 முதல் (p−1)/2 வரையிலான வர்க்கங்களைக் கூட்டினாலே போதும். அந்தக் கூட்டுத்தொகை p × (p²−1)/24. முன்னால் ஒரு p நிற்கிறது. பின்னால் வரும் 1/24 அந்த இடத்தின் உறுப்பினராக இருந்தால் வேலை முடிந்தது. 24இன் பகாக் காரணிகள் 2, 3 மட்டுமே என்பதால், 5 முதல் எல்லாப் பகா எண்களுக்கும் 1/24 உள்ளேதான் இருக்கிறது. மூன்றின் இடத்தில் மட்டும் அது வெளியே. அங்கே 3 × 8/24 = 1; கீழே இருந்த மூன்று மேலே இருந்த மூன்றை விழுங்கிவிட்டது. அதனால்தான் 1 + 1/2 = 3/2இல் மூன்று ஒரு முறைதான் வருகிறது, வர்க்கமாக வரவில்லை.

ஏழின் இடத்தில் நின்று 49/20இன் கீழே இருக்கும் 20ஐப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே 20, 3, 1000 எல்லாமே தலைகீழ் உள்ள எண்கள், அவ்வளவுதான். 20இல் 2 இருப்பது தெரிய இரண்டின் இடத்துக்கும், 5 இருப்பது தெரிய ஐந்தின் இடத்துக்கும் போக வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் 49/20க்கு அனுமதி இல்லை. எல்லாப் பகா எண்களின் இடங்களிலும் அனுமதி பெறும் பின்னம் எது? அதன் பகுதியை எந்தப் பகா எண்ணும் வகுக்கக் கூடாது. அப்படிப்பட்ட பகுதி 1 மட்டுமே. அந்தப் பின்னம் ஒரு முழு எண்.