மஞ்சள் அட்டையின் கணக்கு

ஓர் ஆட்டத்தில் எத்தனை அட்டைகள் காட்டப்படும் என்பதன் மீது பணம் கட்டும் சந்தை பிரிட்டனில் உரிமம் பெற்று நடக்கிறது. இந்தியாவில் இணையவழிப் பணப் பந்தயத்தை 2025-இல் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தையின் அடியில் இருக்கும் கணிப்பு, கால்பந்து பார்க்கும் எவருக்கும் ஆர்வமூட்டக்கூடிய ஒரு புள்ளியியல் புதிர். கோல் விழுவது இருபத்திரண்டு பேரின் ஆட்டத்தால் நடக்கிறது. அட்டையோ இருபத்து மூன்றாவது ஆளின் கை சட்டைப்பைக்குள் போனால்தான் வெளியே வருகிறது. அதனால் இந்தக் கணக்கில் நடுவரையும் ஓர் ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சந்தை இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்றில் அட்டைகளின் எண்ணிக்கைதான் பேச்சு: நிறுவனம் 5.5 என்று ஒரு கோடு போடும், ஆட்டம் அதற்கு மேலே போகுமா, கீழே நிற்குமா என்று பந்தயம் கட்டுவார்கள். இன்னொன்றில் மஞ்சள் அட்டைக்கு 10 புள்ளி, சிவப்பு அட்டைக்கு 25 புள்ளி என்று கூட்டுவார்கள். இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியேறுபவருக்குப் பொதுவாக மொத்தம் 35 புள்ளிதான், அதற்கு மேல் ஏறாது. எந்த வழியாக இருந்தாலும் முதலில் தேவைப்படுவது ஒரே எண்: இந்த ஆட்டத்தில் சராசரியாக எத்தனை அட்டைகளை எதிர்பார்க்கலாம்?

அந்த எண்ணுக்குத் தொடக்கம் லீக்கின் பொதுச் சராசரி. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பல பருவங்களாக அது ஆட்டத்துக்கு மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குக்கு 3.5 என்று வைத்துக்கொள்ளலாம். அதை நடுவரின் குணம், இரு அணிகளின் பகை, ஆட்டத்தின் முக்கியத்துவம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு பெருக்குத்தொகை கொடுத்துப் பெருக்குவார்கள். பகைக்கு 1.2 என்றால் அட்டைகள் இருபது சதவீதம் கூடும் என்று பொருள். கூட்டாமல் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. கண்டிப்பான நடுவர் சாதுவான ஆட்டத்தில் ஓர் அட்டையைக் கூடுதலாகக் காட்டுவார் என்றால், சண்டை மூண்ட ஆட்டத்தில் இரண்டு மூன்றைக் கூடுதலாகக் காட்டுவார்.

சறுக்கல் பெரும்பாலும் நடுவருக்கு எண் கொடுக்கும் இடத்தில்தான் நடக்கிறது. எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனை நடுவர்: இந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களை நடத்தி 59 அட்டைகளைக் காட்டியிருக்கிறார். ஆட்டத்துக்குச் சராசரி 4.9. லீக் சராசரியான 3.5-ஆல் வகுத்தால் 1.4 வரும். ஆள் நாற்பது சதவீதம் கண்டிப்பானவர் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் நடுவர்களுக்கு ஆட்டங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கிடைப்பதில்லை. நியமனம் செய்யும் அமைப்பு, கொந்தளிப்பு எதிர்பார்க்கப்படும் ஆட்டங்களை அனுபவசாலிகளிடம் கொடுக்கிறது. இவருக்குக் கிடைத்த 12 ஆட்டங்களும் சூடானவை, வேறு எந்த நடுவர் நின்றிருந்தாலும் சுமார் 50 அட்டைகள் வந்திருக்கும் என்று அந்த அணிகளின் வழக்கத்திலிருந்து தெரிந்தால், அவருடைய சொந்தக் கண்டிப்பு 59-ஐ 50-ஆல் வகுத்த அளவுதான். 1.4 என்று தெரிந்தது 1.18 ஆகச் சுருங்கிவிட்டது.

அதோடும் முடியவில்லை. பன்னிரண்டு ஆட்டம் என்பது மிகச் சிறிய சான்று. அத்தனை குறைந்த ஆட்டங்களில் ஒன்பது அட்டை கூடுதலாக வருவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே கணிப்பவர்கள் நடுவரைப் பொதுச் சராசரியின் பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வைப்பார்கள். இருபது சாதாரண ஆட்டங்களை, அதாவது 70 அட்டைகளை, மேலேயும் கீழேயும் சேர்த்துப் பார்த்தால் 129-ஐ 120-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 1.07. எத்தனை ஆட்டங்களைச் சேர்ப்பது என்பதைப் பழைய பருவங்களை வைத்துத் தீர்மானிக்கலாம்: முதல் பாதியில் கண்டிப்பாக இருந்த நடுவர்கள் இரண்டாம் பாதியிலும் எந்த அளவுக்கு அப்படியே இருந்தார்கள் என்று பார்த்தால் போதும். நூறு, இருநூறு ஆட்டம் நடத்தியவரை இவ்வளவு இழுக்கத் தேவையில்லை, அவருடைய எண் தன் காலிலேயே நிற்கும்.

இந்த இரண்டு திருத்தங்களும் எவ்வளவு பெரியவை என்பது விடையில்தான் தெரியும். பகைக்கு 1.2, முக்கியத்துவத்துக்கு 1.1 என்று வைத்து ஓர் ஆட்டத்தைக் கணக்கிடலாம். திருத்தாத 1.4-ஐப் பெருக்கினால் எதிர்பார்ப்பு சுமார் 6.5 அட்டை. திருத்திய 1.07-ஐப் பெருக்கினால் சுமார் 5. அரிதாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிகழும் சம்பவங்களை எண்ணப் பயன்படும் பாய்சான் பரவலின்படி, 5.5 என்ற கோட்டைத் தாண்டி ஆறோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு முதல் கணக்கில் 63 சதவீதம், இரண்டாவதில் 38 சதவீதம். நிறுவனம் ஒரு ரூபாய்க்கு 1.90 ரூபாய் திருப்பித் தருவதாக விலை வைத்திருந்தால், நட்டமில்லாமல் இருக்கவே ஏறத்தாழ 53 சதவீத வாய்ப்பு வேண்டும். முதல் கணக்கைப் போட்டவருக்கு இது கொழுத்த லாபமாகத் தெரியும். உண்மையில் அவர் பகையை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்: ஒருமுறை பகை என்ற பெயரில், இன்னொருமுறை நடுவரின் கண்டிப்பு என்ற பெயரில்.

பகையும் முக்கியத்துவமும்கூட இப்படி ஒன்றுக்குள் ஒன்று கலந்தே கிடக்கின்றன. 2016 மே 2 அன்று லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சியும் டாட்டன்ஹாமும் மோதிய ஆட்டம் இதற்கு நல்ல சான்று. டாட்டன்ஹாம் வென்றால்தான் பட்டக் கனவு உயிரோடிருக்கும், இல்லையென்றால் லெஸ்டர் சிட்டி சாம்பியன். செல்சிக்கோ அட்டவணையில் பெறவும் இழக்கவும் பெரிதாக எதுவும் இல்லை. புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து முக்கியத்துவத்தை அளக்கும் கணக்கு, ஒரு பக்கம் முழு மதிப்பெண்ணும் மறுபக்கம் பூஜ்யமும் போட்டிருக்கும். ஆனால் டாட்டன்ஹாம் பட்டம் வெல்வதைத் தாங்கள் விரும்பவில்லை என்று செல்சி வீரர்கள் சிலர் ஆட்டத்துக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மைதானத்தில் டாட்டன்ஹாம் 1990-க்குப் பிறகு அதுவரை வென்றிருக்கவும் இல்லை.

இடைவேளைக்குள் டாட்டன்ஹாம் இரண்டு கோல் முன்னிலை. அதற்குச் சற்று முன் டேனி ரோஸும் வில்லியனும் முட்டிக்கொள்ள, டாட்டன்ஹாம் பயிற்சியாளர் பொச்செட்டினோ மைதானத்துக்குள் இறங்கி விலக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் பாதியில் கேஹில் ஒரு கோல் திருப்பினார், 83-ஆவது நிமிடத்தில் ஹசார்டு சமன் செய்தார். கையிலிருந்த பட்டம் நழுவ நழுவ டாட்டன்ஹாமின் தடுப்பாட்டங்கள் முரட்டுத்தனமாயின. ஆட்டம் 2-2 என்று முடிந்தபோது டாட்டன்ஹாமில் ஒன்பது பேர் மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார்கள். பிரீமியர் லீக்கில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் அத்தனை வாங்கியது அதுவே முதல் முறை. செல்சிக்கு மூன்று. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

சிவப்பு வராததற்கான விளக்கத்தை நடுவர் மார்க் கிளாட்டன்பர்க் பின்னாளில் தானே சொன்னார். டாட்டன்ஹாமில் மூவரை வெளியேற்றியிருக்கலாம், ஆனால் பட்டம் போனதற்குப் பழி தன் மீது விழக்கூடாது என்ற திட்டத்தோடு இறங்கியதால் விட்டுவிட்டதாக அவர் கூறினார். மாதிரி உருவாக்குபவருக்கு இது விலை மதிப்புள்ள வாக்குமூலம். நடுவரின் கண்டிப்பு ஆளோடு ஒட்டிப் பிறந்த மாறாத எண் இல்லை, ஆட்டம் பெரிதாகும்போது அதுவே உருமாறுகிறது. மஞ்சளுக்கான கை தாராளமாகிறது, சிவப்புக்கான கை தயங்குகிறது. ஆகவே இரண்டையும் ஒரே எண்ணாகக் குழைக்காமல் தனித்தனியாகக் கணிப்பதே சரி. புள்ளிச் சந்தையில் ஒரு சிவப்புக்கு இரண்டரை மஞ்சளின் கனம் இருப்பதால் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியமாகிறது.

மொத்தம் பன்னிரண்டு அட்டைகள். சராசரி 5 என்று கணித்திருந்தால் பாய்சான் பரவல் பன்னிரண்டோ அதற்கு மேலோ வருவதற்கு நூற்றில் அரைப் பங்கு வாய்ப்புதான் தரும். அட்டைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்ற அதன் அடிப்படை இங்கே உடைந்துவிடுகிறது. ஒரு முரட்டுத் தடுப்பு பழிவாங்கலைத் தூண்டும், கைகலப்பு மூண்டால் ஒரே நொடியில் இருவருக்கு அட்டை விழும். இதற்காகச் சராசரியை மாற்றாமல் சிதறலை மட்டும் அகலமாக்கும் நெகட்டிவ் பைனாமியல் பரவலைப் பயன்படுத்துகிறார்கள். சராசரி 5, பரவற்படி 7 என்று வைத்தால் பன்னிரண்டைத் தொடும் வாய்ப்பு நூற்றில் சுமார் 1.8, அதாவது மூன்று மடங்குக்கு மேல். ஆறைத் தொடும் வாய்ப்போ இரண்டு பரவல்களிலும் ஏறக்குறைய அதே 38 சதவீதம். நடுக்கோட்டுக்கு அருகில் எந்தப் பரவலும் பெரிய வேறுபாடு செய்யாது. ஓரங்களில் விலை சொல்பவருக்குத்தான் அது உயிர்நாடி.

கணிப்பு சரியாக இருந்தும் எண்ணும் விதியில் ஏமாறலாம். பெரும்பாலான சந்தைகளில் தொண்ணூறு நிமிடமும் அதோடு சேர்க்கப்படும் காயநேரமும்தான் கணக்கு. கூடுதல் நேரத்தில் காட்டுவதும், இறுதி விசிலுக்குப் பிறகு காட்டுவதும், பயிற்சியாளர்களுக்கும் மாற்று இருக்கையில் உள்ளவர்களுக்கும் காட்டுவதும் சேராது. 2022 டிசம்பர் 9 அன்று லுசைலில் நடந்த நெதர்லாந்து–அர்ஜென்டினா உலகக் கோப்பைக் காலிறுதியில் நடுவர் மாட்டேயு லாஹோஸ் உலகக் கோப்பை வரலாறு காணாத அளவுக்கு அட்டைகளைக் காட்டினார். அவற்றில் ஒரு பகுதி கூடுதல் நேரத்திலும் அதற்குப் பின்னும் வந்தது. டம்ஃபிரீஸ் வெளியேற்றப்பட்டதே பெனால்டி உதைகள் முடிந்த பிறகுதான். செய்தியில் வரும் மொத்தத்தை அப்படியே தரவில் ஏற்றினால் நாக்அவுட் ஆட்டங்களின் பெருக்குத்தொகை வீங்கிப்போகும்.

மாதிரி வேலை செய்கிறதா என்பதை, அது பார்த்திராத ஒரு பருவத்தில் சோதிக்க வேண்டும். 40 சதவீதம் என்று அது சொன்ன ஆட்டங்களைத் தனியே எடுத்தால் நூறில் நாற்பதை ஒட்டியே கோடு தாண்டப்பட்டிருக்க வேண்டும். முப்பதுதான் தாண்டின என்றால் எங்கோ ஒன்று இரட்டிப்பாக எண்ணப்படுகிறது. பிழை சூடான ஆட்டங்களில் மட்டும் குவிந்திருந்தால் நடுவருக்கும் பகைக்கும் இடையிலான பிரிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லா ஆட்டங்களிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் மாறியிருப்பது லீக்கின் அடிப்படைச் சராசரி. 2023–24 பருவத்தில் நேரத்தை வீணடிப்பதையும் நடுவரிடம் வாக்குவாதம் செய்வதையும் கடுமையாகத் தண்டிக்கும்படி இங்கிலாந்து நடுவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது, மஞ்சள் அட்டைகள் கண்கூடாகக் கூடின. முந்தைய ஆண்டுகளின் 3.5-ஐ வைத்துக்கொண்டிருந்த கணக்குகள் அந்தப் பருவத்தின் முதல் வாரங்களிலேயே தொடர்ந்து கீழே விழுந்தன.