முறுக்கின் எடையும் பெட்டியின் விலையும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே திருச்சி, கோவை, சென்னை போன்ற ஊர்களில் சில சிறிய கடைகளில் கூட்டம் கூடிவிடும். வாசலில் ‘வெளிநாட்டு கொரியர்’ என்று பலகை தொங்கும். உள்ளே ஒரு எடைமேடை, அட்டைப்பெட்டி அடுக்கு, வாக்யூம் பேக்கிங் இயந்திரம். மகள் அமெரிக்காவில், மகன் துபாயில் என்று இருக்கும் பெற்றோர் பலகாரம் அனுப்ப வரும் இடம் இது. குறைந்த முதலில் தொடங்கக்கூடியது என்பதால் பலரும் இத்தொழிலில் இறங்குகிறார்கள். எல்லாரும் நிலைப்பதில்லை. அதற்கு முக்கியக் காரணம், லாபம் எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகக் கணக்கிடுவது.

இந்தக் கடைக்காரர்களிடம் விமானம் கிடையாது, வெளிநாட்டில் ஆளும் கிடையாது. டிஎச்எல், ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் போன்ற பன்னாட்டு நிறுவனங்களிடமோ, அவற்றிடம் மொத்தமாக இடம் பிடித்து வைத்திருக்கும் பெரிய ஏஜென்ட்டிடமோ சரக்கைச் சேர்க்கிறார்கள். மாதம் நூறு பெட்டி தருபவருக்கு அந்த நிறுவனம் தரும் விலை, ஒரே ஒரு பெட்டியோடு நேரில் போகும் தனிநபருக்குக் கிடைக்காது. இந்த இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கடைக்காரரின் வருமானம்.

தராசு மட்டும் போதாது

விமானத்தில் எடையைப் போலவே இடத்துக்கும் விலை உண்டு. அதனால் நிறுவனங்கள் பெட்டியை நிறுத்துப் பார்ப்பதோடு அளந்தும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுப்பதுதான் பெரும்பாலான பன்னாட்டு கொரியர்களின் வழக்கம். வரும் எண்ணுக்கு ‘வால்யூம் எடை’ என்று பெயர். இதிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். திருச்சியிலிருந்து ஓர் அம்மா நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்கு அனுப்புகிறார்: முறுக்கு 2 கிலோ, அதிரசம் 1 கிலோ, பருப்புப் பொடி 2 கிலோ, மாங்காய்த் தொக்கு 1 கிலோ, பருத்திச் சேலைகள் 1 கிலோ. பெட்டியையும் சேர்த்துத் தராசில் 8 கிலோ. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கிலோவுக்கு 600 ரூபாய் வாங்குகிறார், நிறுவனத்துக்கு 450 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தராசை மட்டும் பார்த்தவர் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, கைக்குக் கிடைத்த 50 × 40 × 30 அளவுப் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி அனுப்பிவிடுகிறார். அந்தப் பெட்டியின் வால்யூம் எடை 12 கிலோ. நிறுவனத்தின் பில் 5,400 ரூபாய்க்கு வருகிறது. கையிலிருந்து 600 போகிறது. வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்கவும் முடியாது.

அனுபவப்பட்டவர் முதலில் முறுக்கைத்தான் பார்ப்பார். எடை குறைவு, அடைக்கும் இடம் அதிகம். உடையாமல் இருக்க அதைக் கெட்டியான டப்பாவில் நெருக்கி அடுக்குவார். பொடிப் பொட்டலங்களைக் காற்றில்லாமல் தட்டையாக்கி அடியில் பரப்புவார். சேலைகளைச் சுருட்டி இடுக்குகளில் அடைப்பார். மேலே காலியாக இருக்கும் அட்டையை அறுத்து உயரத்தைக் குறைப்பார். இப்போது பெட்டி 45 × 35 × 28. வால்யூம் எடை 8.82, அதாவது 9 கிலோவுக்குக் கட்டணம். வாடிக்கையாளருக்கு 5,400, நிறுவனத்துக்கு 4,050, மிச்சம் 1,350. இதில்தான் பெட்டி, டேப், வீட்டுக்கு வந்து எடுத்துப்போன வண்டிச் செலவு, கடை வாடகை எல்லாம் அடங்கவேண்டும். எரிபொருள் கூடுதல் கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால், போன மாத விலையை இந்த மாதமும் சொல்வதில் ஆபத்து உண்டு.

எதை மறுப்பது என்ற அறிவு

அடுத்தது சுங்கம். நாட்டுக்கு நாடு தடை வேறு. கசகசா நம் சமையலறைப் பொருள்; ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரலாம் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா அனுமதிப்பதில்லை. கப்ரா வண்டுக்கு அஞ்சி, இந்தியாவிலிருந்து தனிநபர் அனுப்பும் அரிசியையும் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் தனிநபர் பார்சலில் இறைச்சியும் பால்பொருளும் போகக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் மாட்டும். கோழி ஊறுகாயை அமெரிக்காவுக்கு அனுப்பினாலும் இதே கதிதான்.

ஒரு தடைப்பொருள் இருந்தாலே முழுப் பெட்டியும் நிற்கக்கூடும். அதனால் நல்ல கடைக்காரர் பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்த்துப் பட்டியல் எழுதுவார். ‘தின்பண்டம்’ என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும். ‘அரிசிமாவு முறுக்கு, 2 கிலோ’ என்று எழுதினால் அதிகாரிக்குச் சந்தேகம் குறையும். பெயர் ஒட்டாத பொடிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவே செய்வார்கள்.

அமெரிக்க விதி 2025-இல் பெரிதாக மாறியது. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறையும் அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்திவைத்து, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் ஏற்கத் தொடங்கியது. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு மட்டும் சலுகை தொடர்ந்தது. மேலே சொன்ன பெட்டியில் பருத்திச் சேலைக்குப் பதில் காஞ்சிபுரம் பட்டு இருந்தால் இந்த வரம்பு உடைந்துவிடும். பட்டின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் கடையை விட்டு விலகுவதே நல்லது. பெட்டி பிடிபட்டால் நஷ்டம் அனுப்பியவருக்கு. தொலைந்தால் இழப்பீடும் எழுதிய மதிப்பைத் தாண்டாது.

வாடிக்கையாளர் கடையைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. விலை சொல்லும் முன் அளவுநாடாவை எடுக்கிறாரா? ஆதார் நகல் கேட்கிறாரா? அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயரைப் போடுகிறாரா, தன் கடைப் பெயரையா? கடைப் பெயரில் போனால் அது அன்பளிப்பு என்று வாதாட முடியாது.

இரண்டு தொழில்கள், இரண்டு சட்டங்கள்

இத்தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, தாங்களே பலகாரம் சுட்டு விற்பது. வெளிநாட்டிலிருந்து மகள் பணம் கட்டினால் இங்கிருந்து பெட்டி போய்ச் சேரும். சந்தை இருக்கிறது. ஆனால் அந்த நிமிடமே அது அன்பளிப்பு இல்லை, ஏற்றுமதி. இங்கே இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். அமெரிக்காவுக்கு என்றால் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தில் தயாரிப்பு இடத்தைப் பதிவுசெய்து, ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பு தரவேண்டும். ஒரு தாய் தன் வீட்டு அடுப்பில் சுட்டு மகளுக்கு அன்பளிப்பாக அனுப்பும் முறுக்குக்கு அந்த முன்னறிவிப்பு தேவையில்லை. அதே முறுக்கைக் கடை விற்றால் தேவை, வரியும் உண்டு.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதலில் முடிவுசெய்யவேண்டியது, தான் அனுப்பித் தருபவரா, விற்பவரா என்பதைத்தான். அனுப்பித் தருபவருக்கு அளவுநாடாவும் நாடுவாரியான தடைப்பட்டியலும் போதும். அவருடைய வருமானம் பண்டிகை மாதங்களில் ஏறி மற்ற மாதங்களில் இறங்கும். விற்பவருக்கு ஆண்டு முழுதும் வியாபாரம் இருக்கலாம், ஆனால் முதல் பெட்டி கிளம்பும் முன்பே உரிமங்களுக்கான செலவு தொடங்கிவிடும். விற்பனையை அன்பளிப்பு என்று எழுதி இரண்டுக்கும் நடுவே நடக்கப் பார்ப்பவர்களின் பெட்டிதான் சுங்கத்தில் மாட்டுகிறது.