ஒரே பட்டம், மூன்று நாடுகள்

மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த ஒருவர் மஸ்கட், துபாய், ஜெர்மனி மூன்றிலும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டச் சான்றிதழ் ஒன்றுதான். ஆனால் அது போக வேண்டிய பாதை மூன்றுக்கும் வேறு.

பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்தை வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. அதனால் முதலில் மாநில அரசு அதற்குச் சான்றொப்பம் இடுகிறது. அந்த மாநில அதிகாரியின் கையெழுத்து உண்மையானது என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்கிறது. இதுவரை பெரிய வித்தியாசமில்லை. இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது.

ஓமன், 1961-ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. இந்தியாவில் அது 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு சான்றொப்ப வேலை முடிந்துவிடும். ஓமன் தூதரகத்தின் முத்திரை தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. அதனால் துபாய்க்கு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகத்தின் சான்றொப்பம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் முந்தைய கையெழுத்தைத்தான் சரிபார்க்கிறார்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்த இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பலர் ஏமாறுவது ஜெர்மனியில்தான். ஜெர்மனியும் உறுப்பு நாடு, இந்தியாவும் உறுப்பு நாடு. ஆனாலும் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இவ்விரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செல்லாது. இந்திய அப்போஸ்டிலை அங்கே ஏற்க வேண்டிய கடமை இல்லை. உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ஏஜென்டிடம் பணம் கட்டியவருக்கு அந்த ஸ்டிக்கரால் பயனில்லை. ஹேக் மாநாட்டின் இணையதளத்திலுள்ள அட்டவணையில் ஆட்சேபங்களும் பதிவாகியுள்ளன. அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய தகவலையும் நம்பக் கூடாது. சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரில்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, கனடாவில் 2024 ஜனவரியில்.

கணக்கில் வருவது உங்கள் குடியுரிமை அல்ல; ஆவணம் எந்த நாட்டில் வழங்கப்பட்டது, எந்த நாட்டில் காட்டப்படப் போகிறது என்பதே. சிங்கப்பூரில் வாங்கிய பிறப்புச் சான்றிதழுக்கு டெல்லியில் அப்போஸ்டில் கிடைக்காது, சிங்கப்பூரில்தான் பெற வேண்டும்.

பணம் கட்டுமுன் சான்றிதழைக் கேட்கும் அலுவலகத்திடமே எழுத்தில் விசாரியுங்கள்: மூலத்தில் வேண்டுமா, நோட்டரி சான்றளித்த நகலில் போதுமா, மொழிபெயர்ப்புக்கும் வேண்டுமா? நகலில் ஒட்டும் அப்போஸ்டில் நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் சாட்சி; பட்டம் உண்மையானது என்று அது சொல்வதில்லை. பல அலுவலகங்கள் அதை நிராகரிப்பது இதனால்தான்.