பாஸ்டனுக்கு மணி மாறும்போது

காரைக்குடியில் அந்த வீட்டு ஹாலில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று நல்ல நேரம், ராகு காலம் பார்க்க. மற்றதில் வருடத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கின்றன. விசேஷமா என்று கேட்டால், வீட்டு மருமகள் சிரிக்கிறார். "எனக்குத்தான் விசேஷம். அன்னைக்கு வெள்ளைக்காரன் கடிகாரத்தை மாத்துவான்."

ஆறு வருடமாக அவர் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களின் இணையக் கடைகளைப் பராமரிக்கிறார். இப்போது முக்கியமான வாடிக்கையாளர்கள் இருவர். ஒருவர் லண்டன், ஒருவர் பாஸ்டன். இரண்டு பேரோடும் செவ்வாய்க்கிழமை மாலை வீடியோ கூட்டம் உண்டு. லண்டன்காரருக்கு மதியம் ஒன்றரை, பாஸ்டன்காரருக்குக் காலை ஒன்பதரை. குளிர்காலத்தில் அவை நமக்கு முறையே இரவு 7 மணி, 8 மணி. ஒன்று முடித்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு மற்றதில் உட்காரலாம்.

2025 மார்ச் 11 அன்று இந்த ஏற்பாடு குலைந்தது. ஏழு மணிக்கு லண்டன்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பாஸ்டனிலிருந்து குறுஞ்செய்தி: "காத்திருக்கிறோம், வருகிறீர்களா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டு மணிக் கூட்டத்துக்கு ஏழேகாலுக்கே எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் பிரிட்டனிலும் வழக்கம். ஆனால் இரண்டும் ஒரே நாளில் தள்ளுவதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. அந்த வருடம் அவை 9, 30 தேதிகளில் வந்தன. இந்தியா கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் பாஸ்டனுக்கும் நமக்கும் பத்தரை மணி நேரமாக இருந்த இடைவெளி ஒன்பதரையாகச் சுருங்கியது. அவர்களின் ஒன்பதரை நமக்கு ஏழு மணியானது. லண்டன் இன்னும் மாறவில்லை. மூன்று செவ்வாய்க்கிழமைகளுக்கு இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் முட்டின. பிறகு லண்டனும் மாறி ஆறு மணிக்கு வந்துவிட, மோதல் தானாகத் தீர்ந்தது. அக்டோபர் 28 அன்று மறுபடி ஒரு முறை முட்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திரும்பும்போது முதலில் மாறுவது பிரிட்டன், அமெரிக்கா ஒரு வாரம் கழித்து.

தவறு கூகுள் காலண்டரில் இல்லை. அழைப்பை உருவாக்கியவர் பாஸ்டன்காரர் என்பதால் அது பாஸ்டன் நேரத்தோடு கட்டுண்டு, சரியாக ஏழு மணி என்றே காட்டியது. இவர் நம்பியது போனில் வைத்த 7.50 அலாரத்தை. இப்போது கூட்டத்துக்கு அலாரம் வைப்பதில்லை. காலண்டரின் ஓரத்தில் இரண்டாவது நேர மண்டலத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார். பிப்ரவரி கடைசியிலேயே லண்டன்காரருக்கு எழுதி, அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்கிறார்.

கடிதங்களில் சுருக்கெழுத்தையும் விட்டுவிட்டார். ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம்; அயர்லாந்துக்காரருக்கு அது அவர் நாட்டு நேரம், இஸ்ரேல்காரருக்கும் அப்படியே. ஈ.எஸ்.டி. என்பது அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்கால நேரம். ஜூலையிலும் அப்படியே எழுதுபவர்கள் ஏராளம். "பாஸ்டன் நேரம் காலை 9.30, இந்திய நேரம் இரவு 7" என்று ஊர்ப் பெயரோடு எழுதினால் குழப்பமில்லை. "வெள்ளிக்கிழமை வேலை நேரம் முடிவதற்குள்" என்று பாஸ்டன்காரர் சொன்னால், குளிர்காலத்தில் அது நமக்குச் சனிக்கிழமை அதிகாலை மூன்றரை. ஆகவே அவரது கணக்கில் வெள்ளி இரவு படுக்கப் போகுமுன் வேலை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கூட்டத்தைவிட அவரை அதிகம் வதைத்தது கேள்விகள்தான். நமது மதியம் அவர்களுக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். தள்ளுபடிக் கூப்பன் வேலை செய்யவில்லை என்று பாஸ்டனிலிருந்து ஒரு வரி வந்தது. எந்தக் கூப்பன் என்று இவர் கேட்டார், பதில் மறுநாள். எந்தப் பொருளுக்கு என்று கேட்டார், இன்னொரு நாள். பத்து நிமிட வேலைக்கு மூன்று நாள் போயிற்று. இப்போது கேள்விகளை மொத்தமாகக் கேட்கிறார். செய்தது என்ன, எங்கே நிற்கிறது, இரவுக்குள் பதில் வராவிட்டால் எதைச் செய்யப் போகிறேன் என்று மூன்றையும் ஒரே செய்தியில் எழுதுகிறார். சொல்ல வராததைத் திரையைப் பதிவுசெய்து, லூம் மூலம் இரண்டு நிமிட வீடியோவாக அனுப்புகிறார். மதியம் எழுதியதை அவர்கள் காலை ஒன்பதுக்குப் போய்ச் சேரும்படி ஸ்லாக்கில் நேரம் குறித்துவிடுகிறார். தூக்கத்தில் போன் அதிர்ந்தால் எந்த ஊர்க்காரருக்கும் எரிச்சல்தான்.

கரண்ட் போனால்? ரௌட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி, மடிக்கணினிக்கு அதன் சொந்த பேட்டரி. ஒரு கூட்டத்துக்கு அது போதும்.

"இத்தனையும் பழகிடுச்சு. அத்தைக்குத்தான் பழகலை. ஏழு மணிக்கு விளக்கேத்துற நேரத்துல இங்கிலீஷ்ல பேசுறாளேன்னு கேப்பாங்க" என்கிறார்.

2026-இல் அவர் வட்டமிட்ட நாட்கள் மார்ச் 8, மார்ச் 29, அக்டோபர் 25, நவம்பர் 1.