டிரிப் ஆகாத பட்டனும் ஒரு விண்ணப்பக் கடிதமும்

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட்டில் ஓராண்டு தொழிலகப் பாதுகாப்புப் படிப்பும் முடித்த ஒரு இளைஞரை எடுத்துக்கொள்வோம். கட்டுமான நிறுவனம் ஒன்றில் ஜூனியர் சேஃப்டி ஆபீசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். பயிற்சியைப் பற்றி எழுத அவருக்கு இரண்டு வரி போதும். படிப்பு, ஆண்டு, முதலுதவிச் சான்றிதழ் என்று முடித்துவிடலாம். சிக்கல் அடுத்த பத்தியில்தான் வருகிறது.

‘பல சைட்டுகளுக்குச் சென்று ஆய்வு செய்த அனுபவம் உண்டு’ என்று எழுதுகிறார். இதே வரி மற்றவர்களின் கடிதங்களிலும் இருக்கும். போனவர் எதைப் பார்த்தார் என்பது இதில் இல்லை.

அவர் உண்மையில் பார்த்தது இது. அடுக்குமாடிக் கட்டட சைட் ஒன்றில், கட்டிங் மெஷினுக்கு மின்சாரம் தரும் தற்காலிக போர்டு. அதில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி இருக்கிறது. சைட்டில் அதை ஈ.எல்.சி.பி. என்பார்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினார். டிரிப் ஆகவில்லை. முதலில் அந்தக் கருவிக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வராவிட்டாலும் பட்டன் வேலை செய்யாது. எலக்ட்ரீஷியன் பார்த்தார், மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் கருவி பழுது, அல்லது யாரோ ஒயரைச் சுற்றுவழியில் இழுத்திருக்கிறார்கள். அடிக்கடி டிரிப் ஆகி வேலை தடைபடும் சைட்டுகளில் இந்தக் குறுக்குவழி சாதாரணம். அது ஆளைக் கொல்லும்.

இதைக் கடிதத்தில் இப்படி எழுதலாம்: ‘சேஃப்டி ஆபீசருடன் சென்ற ஆய்வில், தற்காலிக போர்டின் ஈ.எல்.சி.பி. டெஸ்ட் பட்டனுக்கு டிரிப் ஆகாததைக் கண்டு தெரிவித்தேன். இணைப்பைத் துண்டித்து, ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற அட்டையைத் தொங்கவிட்டோம். எலக்ட்ரீஷியன் கருவியை மாற்றினார். மறுபடி சோதித்த பிறகே மெஷின் ஓடியது.’

கண்டது, செய்தது, முடித்தது மூன்றும் இதில் இருக்கின்றன. பலர் கண்டதோடு நிறுத்திவிடுவார்கள். மறுசோதனை வரை எழுதுபவர்தான் ஆய்வு என்றால் என்னவென்று அறிந்தவர். ‘உடன் சென்றேன்’ என்ற சொல்லையும் விடக் கூடாது. பயிற்சிக்காலத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருந்ததுபோல எழுதினால், அதற்கு எந்தப் படிவத்தில் கையெழுத்திட்டீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

இந்தப் பத்தியைப் படித்த மேலாளர் நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “பட்டன் டிரிப் ஆனா எர்த் சரியா இருக்குன்னு அர்த்தமா தம்பி?”

“இல்ல சார். பட்டன் கருவிக்குள்ளயே ஒரு சின்ன கசிவை உண்டாக்கிப் பாக்குது, அவ்வளவுதான். மெஷின் பாடிக்கு எர்த் ஒயர் போகுதா, எர்த் குழி நல்லா இருக்காங்கிறத தனியா மீட்டர் வச்சு அளக்கணும். அன்னைக்கு எலக்ட்ரீஷியன் அளந்தார், நான் பக்கத்துல நின்னு ரீடிங்க எழுதினேன்.”